விருது மேடையில் வாசிக்கும் ஒரு நிமிடப் பாராட்டுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் எழுத வேண்டும்?

70 முதல் 80 வரை. தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே வேற்றுமை உருபும் காலமும் மரியாதையும் அடங்கிவிடுவதால் சொற்கள் நீளமானவை. மேடையில், ஒலிபெருக்கி முன், அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நிதானமாக வாசிக்கும்போது நூறு சொல்லை ஒரு நிமிடத்தில் முடிக்க முடியாது. முடித்தால், ஓடியதுபோல இருக்கும்.

கணினி காட்டும் சொல் எண்ணிக்கையை நம்பி நின்றுவிடாதீர்கள். எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். 50 நொடியில் முடிந்தால் சரியான நீளம். மீதி பத்து நொடியை மேடை எடுத்துக்கொள்ளும்: பெயர் சொன்னதும் எழும் கைதட்டல், வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடைவெளி, ஒலிபெருக்கியைச் சரிசெய்வது. உட்கார்ந்தபடி மனதுக்குள் வாசித்து அளந்த உரை மேடையில் ஒன்றரை நிமிடமாகிவிடும்.

இந்த ஒரு நிமிடத்துக்குக் காரணம் உண்டு. பல விழாக்களில் உரை வாசிக்கப்படும்போது விருது பெறுபவர் மேடையில் நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர். கைகளை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் ஒருவரை அதற்கு மேல் நிறுத்திவைப்பது முறையாகாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு விருது என்றால், நடந்து வருவது, வாசிப்பது, வழங்குவது, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு இரண்டரை நிமிடம் வைத்தாலே அரை மணி நேரம் போய்விடுகிறது.

நாற்பது ஆண்டு உழைப்பை 75 சொல்லில் எப்படிச் சுருக்குவது? எதை விட்டாலும் மனசு கேட்கவில்லை.

சுருக்க முயல்வதில்தான் சிக்கலே தொடங்குகிறது. வாழ்க்கைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியையும் ஒரு தொடராக்கினால், பிறந்த ஆண்டு, படிப்பு, பதவி, இன்னொரு பதவி, பழைய விருதுகள் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். கேட்டு முடித்தவரிடம் "அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பதில் வராது.

ஒரு நிமிடத்தில் கேட்பவர் மனதில் தங்கக்கூடியது ஒரு மாற்றம் மட்டுமே. இவர் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது, இவர் என்ன செய்தார், இப்போது எப்படி இருக்கிறது. இந்த மூன்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் மற்றவை.

அந்த மாற்றம் எது என்பதை வாழ்க்கைக் குறிப்பு சொல்லாது. குறிப்பில் எல்லாம் ஒரே எடையில்தான் இருக்கும்; தலைவராக இருந்த குழுவும் உயிரைக் கொடுத்து நடத்திய போராட்டமும் ஒவ்வொரு வரிதான். ஆகவே ஆட்களிடம் கேட்க வேண்டும். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர், அவருக்கு இணையாக வேலை பார்த்த ஒருவர், பிறகு அவரே. முதல் இருவரிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "அவர் இந்தத் துறைக்கு வராமலே போயிருந்தால், எது நடக்காமல் போயிருக்கும்?" இந்தக் கேள்வியின் முன் பதவிகள் உதிர்ந்துவிடும், அவர் இல்லாவிட்டாலும் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். இருவரும் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னால் உங்கள் உரை கிடைத்துவிட்டது. வேறு வேறு பதில் வந்தால், எதற்குச் சான்று காட்ட முடியுமோ அதை எடுங்கள்.

விட்டுப்போனவற்றுக்கு அச்சிட்ட மலர் இருக்கிறது, சட்டமிட்டுக் கையில் கொடுக்கும் பாராட்டுப் பத்திரம் இருக்கிறது. கண்ணால் படிப்பவர் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. வாசிக்கும் உரையும் அச்சிடும் உரையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று விழாக்குழு கேட்டால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டோடு காட்ட முடியுமா?

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 34 ஆண்டுகள் பிரசவப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த செவிலியர். அவரைப் பற்றி விழாக்குழுவுக்கு இரண்டு பக்கக் குறிப்பு வருகிறது. அதை வைத்து யாரோ எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது:

"எளிய குடும்பத்தில் பிறந்து, செவிலியர் பட்டயப் படிப்பில் முதலிடம் பெற்று, பல்வேறு மருத்துவமனைகளில் திறம்படப் பணியாற்றி, தலைமைச் செவிலியராக உயர்ந்து, செவிலியர் சங்கத்தின் துணைத்தலைவராகவும் பயிற்சிக் குழுவின் உறுப்பினராகவும் விளங்கி, தன்னலமற்ற சேவையால் ஆயிரக்கணக்கான தாய்மார்களின் உள்ளங்களில் நீங்கா இடம்பெற்ற…"

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் "பிறந்து, பெற்று, பணியாற்றி, உயர்ந்து, விளங்கி" என்று எச்சங்கள் தொடர்ந்துகொண்டே போகின்றன. முற்றுவினை வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். எழுத்தில் இது நம் மொழிக்கு அழகு. ஒலிபெருக்கியில் மூன்றாவது எச்சத்திலேயே அரங்கின் கவனம் போய்விடும். வாசிப்பவருக்கும் மூச்சு விட இடம் இல்லை.

இப்போது அவருடன் வேலை பார்த்தவர்களிடம் போகிறோம். இளைய செவிலியர் சொல்கிறார்: "அவங்க இல்லன்னா நாங்க இன்னும் இரத்தத்தை அளக்காமலே இருந்திருப்போம்." மருத்துவரிடமும் கேட்கிறோம். அதே பதில். குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது நெடுங்கால வழக்கம். கண் மதிப்பீடு, குறிப்பாக இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும்போது, உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். விரிப்பில் ஊறியது கணக்கில் வராது. 500 மில்லிலிட்டரைத் தாண்டினால் அபாயம் என்று பாடப்புத்தகம் சொன்னாலும், தாண்டியது தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும். இந்தச் செவிலியர் அளவுக்கோடு போட்ட பாத்திரத்தை வைத்து அளக்கத் தொடங்கினார். அளவு கூடினால் மருத்துவர் வரும்வரை காத்திராமல் செவிலியரே முதல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற விதியையும் வாங்கினார். இரண்டு பக்கக் குறிப்பில் இது "தரமேம்பாட்டுப் பணிகளில் ஈடுபட்டார்" என்ற ஒரு வரிக்குள் புதைந்திருந்தது.

மாற்றி எழுதிய உரை இது:

"உலகெங்கும் தாய்மார்கள் பிரசவத்தில் இறப்பதற்கு முதன்மைக் காரணம், குழந்தை பிறந்த பிறகு ஏற்படும் இரத்தப்போக்கு. எவ்வளவு இரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் இவர் பணியில் சேர்ந்தபோது வழக்கம். இவர் அளக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பிரசவத்திலும் அளவுக்கோடு போட்ட பாத்திரத்தை வைத்தார். அளவு கூடினால் செவிலியரே உடனே சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற விதியை மருத்துவர்களிடம் பேசிப் பெற்றார். இவருடைய மருத்துவமனையில் இன்று அளக்காமல் எந்தப் பிரசவமும் நடப்பதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட செவிலியர்கள் இவரிடம் பயின்றார்கள். அவர்களும் அளக்கிறார்கள். பிரசவ அறையில் ஊகத்தை நீக்கி அளவைக் கொண்டுவந்ததற்காக, மூத்த செவிலியர் (பெயர்) அவர்களுக்கு இந்த விருது வழங்கப்படுகிறது."

எழுபது சொற்களுக்குச் சற்று மேல். நிதானமாக வாசித்தால் 50 நொடியளவில் முடியும். சங்கத் துணைத்தலைவர் பதவி போய்விட்டது, முதலிடம் பெற்றது போய்விட்டது, 500 மில்லிலிட்டர் என்ற அளவும் போய்விட்டது. அந்த எண் மருத்துவருக்குப் பொருள் தரும், அரங்குக்குத் தராது. "இவர் அளக்கத் தொடங்கினார்" என்ற மூன்று சொல் தொடரில்தான் உரை நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வாசிப்பவர் ஒரு கணம் நிறுத்த வேண்டும். "அவர்களும் அளக்கிறார்கள்" என்பது 34 ஆண்டுகளின் விளைவு ஓய்வுக்குப் பின்னும் தொடர்வதைச் சொல்லிவிடுகிறது. "என்றும் நினைவில் நிற்கும்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பெயர் கடைசியில் வருவதையும் கவனியுங்கள். மேடைக்கு அழைக்கும்போது பெயர் ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டது. உரையின் முடிவில் மறுபடி வரும்போது அரங்குக்கு இவர் யார் என்று தெரியும். கைதட்டல் அந்த இடத்தில் விழ வேண்டும். நடுவில் விழுந்தால் அடுத்த தொடர் கேட்காது.

"தன்னலமற்ற", "அயராத", "ஈடு இணையற்ற" எல்லாம் இல்லாமல் எழுதினால் உரை வறண்டுபோகாதா? இது பாராட்டு விழாதானே?

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தொடரை அதே மேடையில் அடுத்து விருது பெறப்போகும் நபரின் பெயரோடு வாசியுங்கள். பொருந்தினால் அந்தத் தொடர் இருவரில் யாரையும் பாராட்டவில்லை. "அயராத உழைப்பு" பன்னிரண்டு பேருக்கும் பொருந்தும். "ஒவ்வொரு பிரசவத்திலும் அளவுக்கோடு போட்ட பாத்திரத்தை வைத்தார்" ஒருவருக்குத்தான் பொருந்தும். அயராத உழைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

1911ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசுக்காக மேரி கியூரிக்கு எழுதப்பட்ட தகுதித் தொடரைப் பாருங்கள். ரேடியம், பொலோனியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தது, ரேடியத்தைப் பிரித்தெடுத்தது, குறிப்பிடத்தக்க அந்தத் தனிமத்தின் இயல்பையும் சேர்மங்களையும் ஆராய்ந்தது: இவற்றின் மூலம் வேதியியலின் வளர்ச்சிக்கு அவர் ஆற்றிய பணிக்காக என்று அது சொல்கிறது. முழுத் தொடரிலும் வியப்பைக் காட்டும் அடைமொழி ஒன்றே ஒன்று. அதுவும் அவருக்குச் சூட்டப்படவில்லை, ரேடியத்துக்குத்தான். அவருக்குக் கிடைத்தவை வினைகள்: கண்டறிந்தார், பிரித்தெடுத்தார், ஆராய்ந்தார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு தொடரில் செய்ய முடியாது.

அவருடைய மிக முக்கியமான வேலை எது என்பதில் தேர்வுக் குழுவிலேயே கருத்து வேறுபாடு. என்ன எழுதுவது?

குழு முழுவதும் கையெழுத்துப் போடக்கூடிய வேலையை எழுதுங்கள். இதற்கு மிகப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஐன்ஸ்டைன். 1921ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு அந்த ஆண்டில் வழங்கப்படாமல் 1922இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. கோட்பாட்டு இயற்பியலுக்கு அவர் ஆற்றிய பணிகளுக்காகவும், குறிப்பாக ஒளிமின் விளைவின் விதியைக் கண்டறிந்ததற்காகவும் என்று தகுதித் தொடர் கூறியது. உலகமே அவரோடு சேர்த்துப் பேசிய சார்பியல் அதில் இல்லை. அதன்மீது அன்று அறிஞர்களிடையே முழு உடன்பாடு ஏற்பட்டிருக்கவில்லை. சார்பியல், ஈர்ப்புக் கோட்பாடுகள் பிற்காலத்தில் உறுதிப்படும்போது பெறக்கூடிய மதிப்பைக் கணக்கில் கொள்ளாமலே இந்தப் பரிசு தரப்படுகிறது என்று அவருக்கு அனுப்பிய கடிதத்திலும் தெரிவித்தார்கள். அவரோ 1923இல் தம் நோபல் உரையைச் சார்பியல் பற்றியே நிகழ்த்தினார்.

அந்தத் தொடரை எழுதியவர்கள் கோழைகள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. "கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆற்றிய பணிகள்" என்ற பொதுவான முதல் பகுதி கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. "குறிப்பாக" என்ற பகுதி தாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறது. உங்கள் குழுவில் சிக்கல் வந்தால் இந்த அமைப்பைக் கையாளலாம். இரு தரப்பையும் சமாதானப்படுத்த இரண்டு வேலைகளையும் அரைகுறையாக எழுதுவதைவிட இது மேல்.

குழுவாகச் செய்த வேலையை ஒருவர் பெயரில் வாசிப்பது சரியா?

வினைச்சொல்லில் கவனமாக இருந்தால் சரி. "உருவாக்கினார்", "உருவாக்கிய குழுவை வழிநடத்தினார்", "உருவாக்கிய குழுவில் ஒருவர்" ஆகிய மூன்றும் மூன்று வேறு உண்மைகள். அந்தக் குழுவில் இருந்த மற்றவர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். வினை ஒரு படி கூடிவிட்டால் முதலில் சங்கடப்படுபவர் மேடையில் நிற்பவர்தான். தன்னுடையது அல்லாத பெருமையை அத்தனை பேர் முன்னால் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் நிற்பார்.

"முதன்முதலில்", "முதல் பெண்மணி", "ஒரே நபர்" ஆகிய சொற்களுக்கும் இதே எச்சரிக்கை. குறிப்பை அனுப்பியவர் எழுதியிருக்கிறார் என்பது சான்று ஆகாது. உறுதிப்படுத்த முடியாவிட்டால் "தொடக்க காலத்திலேயே" என்று எழுதுங்கள். உரையின் வலு குறையாது.

எண்கள் எவ்வளவு சேர்க்கலாம்?

இரண்டு. மூன்றாவது எண் வந்ததும் கேட்பவருக்கு முதல் எண் மறந்துவிடும். வாசிப்புப் பிரதியில் எண்களை எழுத்தால் எழுதுங்கள். "1987" என்று இருந்தால் சிலர் தமிழில் வாசிப்பார்கள், சிலர் தடுமாறி ஆங்கிலத்துக்குப் போவார்கள். ஆண்டைச் சொல்வதைவிட "இவர் பணியில் சேர்ந்தபோது" என்பது காதுக்கு எளிது.

உரையை விருது பெறுபவரிடம் முன்கூட்டியே காட்டலாமா? வியப்பு கெட்டுவிடாதா?

காட்டுங்கள். வியப்பு விருது அறிவித்த அன்றே முடிந்துவிட்டது. அவர் பெயர், அவர் செய்ததாகச் சொல்லப்படும் செயல், காலம், உடனிருந்தவர்கள் ஆகிய உண்மைகளை அவர் பார்த்தே ஆக வேண்டும். நடையைத் திருத்தச் சொன்னால் பணிவாக மறுக்கலாம். உண்மையைத் திருத்தச் சொன்னால் அப்போதே திருத்த வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நோய், மணமுறிவு, பிள்ளையை இழந்தது, வறுமை ஆகியவற்றை உருக்கத்துக்காகச் சேர்த்துவிடுகிறோம். அவர் வீட்டுக்குள் மட்டும் பேசிய ஒன்றை ஒலிபெருக்கியில் கேட்கும் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி அதைச் செய்ய மாட்டார்கள். அவர் தாமே பொதுவில் பேசியிருந்தால் ஒழிய, அவரைக் கேட்காமல் ஒரு சொல்லும் வேண்டாம்.

"தாங்கள்" என்று அவரை நோக்கி எழுதுவதா, "இவர்" என்று எழுதுவதா?

"இவர்". விருது ஏன் தரப்படுகிறது என்று அரங்குக்குச் சொல்வது இந்த உரையின் வேலை. விருது பெறுபவரை விளித்துப் பேசுவது வாழ்த்துமடலின் முறை. அதற்கு விழாவில் வேறு இடம் உண்டு. இரண்டையும் கலந்தால், வாசிப்பவர் ஒரு தொடரை அரங்கைப் பார்த்தும் அடுத்ததை விருது பெறுபவரைப் பார்த்தும் சொல்ல நேரும்.

வாசிப்பவரை எப்படித் தயார் செய்வது?

முதலில் பெயர். விருது பெறுபவரையே தம் பெயரைச் சொல்லச் சொல்லி அலைபேசியில் பதிவுசெய்து வாசிப்பவருக்கு அனுப்புங்கள். எழுத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். தமிழில் ஒரே "க"வும் "ப"வும் இரு விதமாக ஒலிக்கும், வேற்றுமொழிப் பெயரில் எந்த ஒலி என்பதை எழுத்து காட்டிக்கொடுக்காது. ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர், துறைச்சொல் ஆகியவற்றுக்கும் இதுவே.

உரையை ஒரே தாளில், ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். ஒவ்வொரு தொடரும் புதிய வரியில் தொடங்கட்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் வெற்று வரி விடுங்கள். ஒருவருக்கு ஒரு தாள் என்று இருந்தால், வரிசை மாறினாலும் தாளை மாற்றிக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாமல் போவது எல்லா விழாவிலும் நடப்பதுதான்.

ஒத்திகையில் வாசிப்பவர் ஒரே இடத்தில் இரண்டு முறை தடுக்கினால் பிழை உரையில் இருக்கிறது. அந்தத் தொடரை உடைத்து எழுதுங்கள். அவரை இன்னும் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள்.

மறைந்தவருக்கு விருது என்றால்?

செயல்கள் இறந்தகாலத்தில், இன்றும் நிற்பவை நிகழ்காலத்தில். இறப்பைப் பற்றி ஒரு சொல் போதும். அவர் சார்பில் யார் பெற்றுக்கொள்கிறார், என்ன உறவு என்பதைக் குடும்பத்தாரிடம் எழுத்தில் வாங்கி உரையின் கடைசித் தொடராக வையுங்கள். உரை முடியும்வரை அவர்களை மேடையில் நிறுத்தாமல் இருக்கையில் இருக்கவிட்டு, பிறகு அழைப்பது நல்லது.

மேடையில் பெயரையோ தகவலையோ தவறாக வாசித்துவிட்டால்?

பெயர் என்றால் உடனே நிறுத்தி, "மன்னிக்கவும்" என்று ஒரு சொல் சொல்லி, சரியாகச் சொல்லி, அந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். சிறு தகவல் என்றால் நிறுத்தாமல் முடித்துவிட்டு, அச்சு மலரிலும் பத்திரத்திலும் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். விழாவின் ஒலிப்பதிவு வெளியாகும் என்றால் அந்தப் பகுதியை மறுபடி வாசித்துப் பதிவுசெய்து சேர்த்துவிடலாம். தாளில் இருந்த பிழையா, வாசிப்பில் வந்த பிழையா என்பதையும் குறித்துவையுங்கள். தாளில் இருந்தது என்றால் அதே பிழை பத்திரத்திலும் அச்சேறியிருக்கும். அதை மாற்றி அச்சிட்டு, விழாக்குழுவில் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.